ஆண்டறிக்கையையும் செய்திக்குறிப்பையும் அசைன்மென்ட்டில் சான்று காட்டுவது எப்படி?

"கரூர் வைசியா வங்கி 2024ல் 1,605 கோடி ரூபாய் லாபம் ஈட்டியது."

கோவை, ஈரோடு, நாமக்கல் பக்கத்துக் கல்லூரிகளில் பி.காம், பி.பி.ஏ படிக்கும் பிள்ளைகளின் அசைன்மென்ட்டுகளில் இந்த மாதிரி ஒரு வாக்கியம் கட்டாயம் இருக்கும். எண் தவறில்லை. ஆனால் படிக்கிற ஆசிரியருக்கு உடனே சில கேள்விகள் வரும். 2024 என்றால் ஜனவரியில் தொடங்கி டிசம்பரில் முடிகிற வருடமா, மார்ச்சில் முடிந்த நிதியாண்டா? இந்த எண்ணை மாணவர் எங்கே பார்த்தார்? வங்கியின் ஆண்டறிக்கையிலா, வங்கி பத்திரிகைகளுக்கு அனுப்பிய செய்திக்குறிப்பிலா, அந்தக் குறிப்பை வைத்து யாரோ எழுதிய செய்தியிலா? வாக்கியத்துக்குப் பின்னால் சின்னதாக ஒரு அடைப்புக்குறி இருந்தால் இவ்வளவுக்கும் பதில் கிடைத்துவிடும். அந்த அடைப்புக்குறிக்குள் என்ன எழுதுவது, எப்படி முடிவு செய்வது என்பதை இந்த ஒரே எண்ணை வைத்துப் பார்ப்போம்.

நம் பகுதியில் பிசினஸ் பாடங்களுக்கு உள்ளூர் கம்பெனியை எடுத்து எழுதச் சொல்வது வழக்கம். கோவையில் எல்ஜி எக்யூப்மென்ட்ஸ், பிரிக்கால், கே.பி.ஆர் மில், சாந்தி கியர்ஸ் என்று பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்ட கம்பெனிகள் பல உண்டு. கரூரில் 1916ல் தொடங்கிய கரூர் வைசியா வங்கி இருக்கிறது. பட்டியலிடப்பட்ட கம்பெனி என்றால் தகவலுக்குப் பஞ்சமே இல்லை. தகவல் பல இடங்களில், பல வடிவங்களில் கிடைப்பதுதான் சிக்கலே.

முதலில் அந்த 1,605 கோடி எந்த வழியாக வெளியே வந்தது என்று பார்த்துவிடலாம். இந்தியக் கம்பெனிகளின் நிதியாண்டு ஏப்ரல் 1ல் தொடங்கி அடுத்த மார்ச் 31ல் முடிகிறது. மார்ச் முடிந்து 60 நாட்களுக்குள், அதாவது மே மாத இறுதிக்குள், பட்டியலிடப்பட்ட கம்பெனி தணிக்கை செய்யப்பட்ட ஆண்டு முடிவுகளைப் பங்குச்சந்தைக்குக் கொடுத்தாக வேண்டும். இது செபியின் விதி. இயக்குநர் குழு கூடி முடிவுகளுக்கு ஒப்புதல் கொடுத்ததும் அவை பங்குச்சந்தைக்குப் போகும். கூடவே பல கம்பெனிகள் இரண்டு மூன்று பக்கத்தில் ஒரு செய்திக்குறிப்பையும் அனுப்பும். நாம் பேச்சில் பிரஸ் ரிலீஸ் என்கிறோமே, அதுதான். மறுநாள் பேப்பரில் வரும் "லாபம் 45 சதவீதம் உயர்வு" என்ற செய்திக்கு மூலம் பெரும்பாலும் அந்தக் குறிப்புதான்.

ஆண்டறிக்கை வர இன்னும் சில வாரங்களோ மாதங்களோ ஆகும். நிதியாண்டு முடிந்து ஆறு மாதத்துக்குள், செப்டம்பர் 30க்குள், பங்குதாரர்களின் ஆண்டுப் பொதுக்கூட்டம் நடக்க வேண்டும் என்று கம்பெனிகள் சட்டம் சொல்கிறது. கூட்டத்துக்கு 21 முழு நாட்களுக்கு முன்பே நோட்டீஸ் போயிருக்க வேண்டும். பட்டியலிடப்பட்ட கம்பெனிகள் வழக்கமாக அந்த நோட்டீஸோடு சேர்த்தே ஆண்டறிக்கையை அனுப்புகின்றன. ஆகவே ஜூனிலிருந்து செப்டம்பர் தொடக்கம் வரைக்கும் எப்போது வேண்டுமானாலும் அது வரலாம்.

அதனால் ஒரே நிதியாண்டின் ஒரே லாபம் இரண்டு ஆவணங்களில், இரண்டு வெவ்வேறு நாட்களில் வெளியாகிறது. ஒன்று சுருக்கம், இன்னொன்று முழு விவரம். நீங்கள் எதைத் திறந்து பார்த்தீர்களோ அதைத்தான் சான்றாகக் காட்ட வேண்டும். செய்திக்குறிப்பை மட்டும் படித்துவிட்டு, ஆண்டறிக்கை என்று போட்டால் கொஞ்சம் கனமாக இருக்குமே என்று அதன் பெயரை எழுதுபவர்கள் இருக்கிறார்கள். அது பொய்ச் சான்று. மதிப்பெண்ணை விடுங்கள், ஆசிரியர் அந்த அறிக்கையைத் திறந்து தேடும்போது நீங்கள் எழுதிய சொற்றொடர் அங்கே இருக்காது.

இனி வடிவத்துக்கு வருவோம். மேற்கோள் முறைகள் பல இருந்தாலும் வணிகப் பாடங்களில் அதிகம் கேட்கப்படுவது ஏ.பி.ஏ ஏழாம் பதிப்பு. அதையே எடுத்துக்கொள்கிறேன். உங்கள் துறை ஹார்வர்டு முறையைக் கேட்டால் நிறுத்தக்குறிகள் மாறும், பார்த்த தேதியையும் சேர்க்க வேண்டியிருக்கும். அடிப்படைத் தகவல்கள் மாறாது. பெரும்பாலான அசைன்மென்ட்டுகள் ஆங்கிலத்தில் எழுதப்படுவதால் மாதிரிகளையும் ஆங்கிலத்திலேயே தருகிறேன்.

ஆண்டறிக்கைக்கு ஆசிரியர் யார்? கம்பெனிதான். தலைவர் எழுதிய கடிதம் முன்னால் இருக்கிறது என்பதற்காக அவர் பெயரைப் போடக் கூடாது. அறிக்கை முழுவதும் கம்பெனியின் பெயரில் வெளியாகும் ஆவணம். ஆசிரியரும் வெளியீட்டாளரும் ஒருவரே என்பதால் பதிப்பகம் என்று தனியாக எழுதத் தேவையில்லை. அடுத்து அடைப்புக்குறிக்குள் ஆண்டு, பிறகு அறிக்கையின் தலைப்பு, கடைசியில் அது கிடைக்கும் முகவரி.

```
Karur Vysya Bank. (2024). Annual report 2023-24. [PDF-இன் முழு முகவரி]
```

தட்டச்சு செய்யும்போது தலைப்பு மட்டும் சாய்வெழுத்தில் இருக்க வேண்டும். சதுர அடைப்புக்குள் நான் எழுதியிருப்பதை எடுத்துவிட்டு, நீங்கள் திறந்த கோப்பின் முகவரியை அங்கே ஒட்டிவிடுங்கள். முகவரிக்குப் பின் முற்றுப்புள்ளி வேண்டாம்.

மேலே இரண்டு இடத்தில் ஆண்டு வருவதைக் கவனியுங்கள். பிள்ளைகள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். அடைப்புக்குறிக்குள் இருப்பது அறிக்கை வெளியான ஆண்டு. தலைப்பில் இருப்பது அறிக்கை எந்தக் காலத்தைப் பற்றிப் பேசுகிறதோ அந்த நிதியாண்டு. 2023 ஏப்ரலில் தொடங்கி 2024 மார்ச்சில் முடிந்த காலத்தைப் பற்றிய அறிக்கை 2024ல்தான் வெளியாக முடியும். ஆகவே அடைப்புக்குறிக்குள் 2023 என்றும் வராது, 2023-24 என்றும் வராது. ஆண்டறிக்கையில் வெளியீட்டுத் தேதி எங்கே இருக்கிறது என்று தேடுபவர்கள், இயக்குநர் குழு அறிக்கையின் முடிவில் கையெழுத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஊரையும் தேதியையும் பார்க்கலாம், பொதுக்கூட்ட நோட்டீஸின் தேதியையும் பார்க்கலாம். ஆண்டு அதிலேயே தெரிந்துவிடும்.

அடைப்புக்குறி வெளியீட்டு ஆண்டை மட்டுமே சொல்வதால், எந்தக் காலத்து லாபம் என்பதை உங்கள் வாக்கியம்தான் சொல்லியாக வேண்டும். "2024ல் லாபம்" என்று எழுதாமல் "2023-24 நிதியாண்டில் நிகர லாபம்" என்று எழுதுங்கள். கம்பெனிகளின் ஆவணங்களில் எஃப்.ஒய் 24 என்று சுருக்கமாக இருக்கும். 2024 மார்ச்சில் முடிந்த ஆண்டு என்று அதற்கு அர்த்தம். அதைப் பார்த்துவிட்டு 2024-25 என்று எழுதுபவர்களும் உண்டு. ஒரு வருடம் தள்ளிப்போனால் ஒப்பீடு முழுவதும் சாய்ந்துவிடும்.

கட்டுரைக்குள் வரும் சான்று இப்படி இருக்கும்:

```
(Karur Vysya Bank, 2024, p. __)
```

"பக்கம் எதுக்குங்க சார், கீழதான் லிங்க் குடுத்தாச்சில்லீங்க?" என்று ஒரு மாணவி கேட்டாள். நியாயமான கேள்வி. ஏ.பி.ஏ முறையில் அப்படியே எடுத்தாளும் வரிக்குப் பக்க எண் கட்டாயம், உங்கள் சொல்லில் எழுதினால் கட்டாயமில்லை. ஆனால் ஆண்டறிக்கை என்பது பல நூறு பக்கம் ஓடும் ஆவணம். நிகர லாபம் என்ற ஒரே எண் அதில் தலைவர் கடிதத்தில் வரும், பத்தாண்டுச் சுருக்கத்தில் வரும், இயக்குநர் அறிக்கையில் வரும், லாப நட்டக் கணக்கிலும் வரும். பக்க எண் இல்லாமல் கொடுத்தால், ஊர் பேரை மட்டும் சொல்லி வீட்டைக் கண்டுபிடிக்கச் சொன்ன மாதிரிதான். எண்களுக்கு எப்போதும் பக்கம் கொடுங்கள் என்பதே என் பிடிவாதமான கருத்து.

எந்தப் பக்க எண்? அறிக்கையின் பக்கத்தில் அச்சாகியிருக்கும் எண். கணினித் திரையில் பி.டி.எஃப் காட்டும் எண் அதுவாக இருக்க வேண்டியதில்லை. அட்டையும் உள்ளட்டையும் எண்ணிக்கையில் சேர்வதால் இரண்டும் சில பக்கங்கள் வேறுபடும். சில அறிக்கைகளில் எதிரெதிர்ப் பக்கங்கள் இரண்டும் ஒரே திரைப்பக்கமாக வரும். அப்போது திரை எண் அச்சு எண்ணில் ஏறக்குறைய பாதிதான் இருக்கும். தேடலில் எண்ணைக் கண்டுபிடித்ததும் பக்கத்தின் அடியிலோ ஓரத்திலோ பார்த்து, அங்கே இருப்பதை எழுதிக்கொள்ளுங்கள்.

பக்க எண் கேட்பதற்கு இன்னொரு காரணம் இருக்கிறது. அதுதான் முக்கியமான காரணம் என்று நினைக்கிறேன். ஆண்டறிக்கை ஒரே புத்தகம்போலத் தெரிந்தாலும் உள்ளே பேசுபவர்கள் பலர். முன்பகுதியில் தலைவரின் கடிதம், படங்கள், சாதனைகள். அடுத்து சட்டப்படி இயக்குநர் குழு கொடுக்கும் அறிக்கை. அதோடு தொழிலின் நிலை, வாய்ப்பு, அபாயம் பற்றி நிர்வாகம் எழுதும் அலசல். அதற்குப் பிறகு தணிக்கையாளரின் அறிக்கை. அப்புறம்தான் இருப்புநிலைக் குறிப்பு, லாப நட்டக் கணக்கு, பணவரவு செலவு, அவற்றுக்கான குறிப்புகள்.

தணிக்கையாளர் கருத்துச் சொல்வது நிதி அறிக்கைகளைப் பற்றி மட்டுமே. மற்ற பகுதிகளை அவர் படித்து, நிதி அறிக்கைகளோடு பெரிய முரண்பாடு இருக்கிறதா என்று பார்ப்பார். ஆனால் அவற்றுக்கு உத்தரவாதம் தருவதில்லை. இதை அவரே தன் அறிக்கையில் எழுதியிருப்பார். ஆகவே லாப நட்டக் கணக்கில் இருக்கும் 1,605 கோடியும் "வாடிக்கையாளர் நம்பிக்கை வளர்ந்திருக்கிறது" என்ற தலைவர் கடித வரியும் ஒரே அட்டைக்குள் இருந்தாலும் ஒரே எடை கொண்டவை அல்ல. முதலாவதை நேராக எழுதலாம். இரண்டாவதை "நிர்வாகம் தன் ஆண்டறிக்கையில் கூறுகிறது" என்று சொல்லித்தான் எழுத வேண்டும். இரண்டுக்கும் அடைப்புக்குறி ஒன்றே. அந்த வேறுபாட்டை உங்கள் வாக்கியம்தான் காட்ட வேண்டும்.

நிதி அறிக்கைகளுக்குள் போனதும் இரண்டு விஷயங்களைப் பார்த்துவிடுங்கள். ஒன்று, தனிக் கணக்கா, ஒருங்கிணைந்த கணக்கா என்பது. துணை நிறுவனங்கள் உள்ள கம்பெனி இரண்டையும் வெளியிட வேண்டும். கே.பி.ஆர் மில்லை எடுத்துக்கொள்ளுங்கள். சர்க்கரைத் தொழிலுக்கு என்று துணை நிறுவனம் வைத்திருக்கும் குழுமம் அது. தனிக் கணக்கில் தாய்க் கம்பெனியின் வருமானம் மட்டும் இருக்கும், ஒருங்கிணைந்த கணக்கில் குழுமம் முழுவதும் இருக்கும். இரண்டும் ஒரே அறிக்கையில், ஒரே மாதிரித் தலைப்போடு, நூறு பக்கம் தள்ளித் தள்ளி இருக்கும். ஒரு வருடத்துக்குத் தனிக் கணக்கையும் அடுத்த வருடத்துக்கு ஒருங்கிணைந்த கணக்கையும் எடுத்து "வளர்ச்சி" கணக்கிட்டால், வருவது வளர்ச்சியே இல்லை. வாக்கியத்தில் "ஒருங்கிணைந்த கணக்கின்படி" என்று ஒரு சொல் சேர்த்தால் போதும்.

இன்னொன்று அலகு. அட்டவணையின் மேல் மூலையில் சிறிய எழுத்தில் இருக்கும். ஒரு கம்பெனி லட்சத்தில் கொடுக்கும், இன்னொன்று கோடியில் கொடுக்கும். எல்ஜி எக்யூப்மென்ட்ஸ் தன் கணக்குகளை மில்லியனில் தருகிறது. 10 மில்லியன் ஒரு கோடி, ஒரு மில்லியன் பத்து லட்சம். இரண்டு கோவைக் கம்பெனிகளை ஒப்பிடும்போது ஒன்றை மாற்றாமல் விட்டால் ஒரு கம்பெனி பத்து மடங்கு பெரிதாகத் தெரியும். மாற்றி எழுதினால் சான்றில் எதுவும் மாறாது. கட்டுரையில் ஒரு இடத்தில் "மில்லியனில் இருந்ததைக் கோடியாக மாற்றியுள்ளேன்" என்று குறிப்பிட்டால், சரிபார்ப்பவர் குழம்ப மாட்டார்.

சரி, நம் லாபத்துக்குத் திரும்புவோம். 2022-23ல் கரூர் வைசியா வங்கியின் நிகர லாபம் 1,106 கோடி, 2023-24ல் 1,605 கோடி. வளர்ச்சி எவ்வளவு? வித்தியாசம் 499. அதை 1,106ஆல் வகுத்தால் 45 சதவீதம் வருகிறது. இதற்கு இரண்டு வருட ஆண்டறிக்கைகளையும் சான்று காட்ட வேண்டுமா? தேவையில்லை. ஒவ்வொரு நிதி அறிக்கையிலும் நடப்பு ஆண்டுக்குப் பக்கத்துப் பத்தியில் முந்தைய ஆண்டின் எண்ணும் அச்சாகியிருக்கும். 2023-24 அறிக்கையின் ஒரே பக்கத்திலிருந்து இரண்டையும் எடுக்கலாம். அப்படி எடுப்பதுதான் நல்லதும்கூட. கணக்குத் தலைப்புகளை மாற்றி அமைக்கும்போது முந்தைய ஆண்டு எண்களையும் புது அமைப்புக்கு ஏற்பத் திருத்திப் போடுவார்கள். பழைய அறிக்கையில் இருப்பதும் புது அறிக்கையின் ஒப்பீட்டுப் பத்தியில் இருப்பதும் வேறுபட்டால், பக்கத்திலோ குறிப்புகளிலோ "மறுவகைப்படுத்தப்பட்டது" என்ற அர்த்தத்தில் ஒரு வரி இருக்கும். ஒப்பீட்டுக்குப் புது அறிக்கையின் இரண்டு பத்திகளே பொருந்தும்.

45 சதவீதம் நீங்களே கணக்கிட்டது என்றால் அதையும் சொல்லுங்கள். "ஆண்டறிக்கையின் எண்களிலிருந்து கணக்கிடப்பட்டது" என்ற மூன்று சொல் போதும். வங்கியே சொன்ன சதவீதத்தை எடுத்தால் அந்தக் குறிப்பு வேண்டாம். ஆனாலும் ஒருமுறை வகுத்துப் பார்ப்பது நல்லது. அது ஆண்டு வளர்ச்சியா, கடைசிக் காலாண்டை முந்தைய வருடத்தின் அதே காலாண்டோடு ஒப்பிட்டதா என்பது அப்போது தெரியும். மே மாதச் செய்திக்குறிப்புகளில் இரண்டும் அடுத்தடுத்த வரிகளில் இருக்கும், அவசரத்தில் ஒன்றை எடுத்து இன்னொன்றாக எழுதிவிடுவார்கள்.

செய்திக்குறிப்புக்கான வடிவம் ஆண்டறிக்கையை விடச் சற்று மாறும். வெறும் ஆண்டு போதாது, மாதமும் நாளும் வேண்டும். ஒரே வருடத்தில் ஒரு கம்பெனி பல குறிப்புகள் வெளியிடும். காலாண்டு முடிவுக்கு மட்டுமே நாலு வந்துவிடும். தலைப்புக்குப் பின் இது என்ன வகை ஆவணம் என்பதைச் சதுர அடைப்புக்குள் சொல்ல வேண்டும். கீழே தமிழில் இருப்பவை நீங்கள் நிரப்ப வேண்டிய இடங்கள்:

```
Karur Vysya Bank. (2024, May [நாள்]). [குறிப்பின் தலைப்பு] [Press release]. [முகவரி]
```

தேதியைக் குறிப்பின் மேலேயோ, அதோடு கம்பெனிச் செயலாளர் பங்குச்சந்தைக்கு எழுதிய முகப்புக் கடிதத்திலோ பார்க்கலாம். தலைப்பை அங்கே அச்சாகியிருப்பது போலவே எடுங்கள். நீங்கள் சுருக்கினால் தேடுபவருக்குக் கிடைக்காது. பெரிய எழுத்துகளை மட்டும், ஏ.பி.ஏ முறைப்படி, முதல் எழுத்தும் பெயர்களும் தவிர மற்ற இடங்களில் சிறிய எழுத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

இப்போது ஒரு சின்னச் சிக்கல். ஆண்டறிக்கையும் செய்திக்குறிப்பும் இரண்டுமே கரூர் வைசியா வங்கி, இரண்டுமே 2024. கட்டுரைக்குள் வெறும் 2024 என்று போட்டால் எது என்று தெரியாது. அதனால் ஆண்டோடு a, b என்று எழுத்துச் சேர்ப்பார்கள். பட்டியலில் ஆண்டு மட்டும் உள்ள ஆவணம் முதலில் வரும், மாதமும் நாளும் உள்ளது அடுத்து வரும். ஆகவே மாதக்கணக்கில் பிந்தி வந்தாலும் ஆண்டறிக்கைதான் a, செய்திக்குறிப்பு b:

```
Karur Vysya Bank. (2024a). Annual report 2023-24. ...
Karur Vysya Bank. (2024b, May [நாள்]). ... [Press release]. ...
```

கட்டுரைக்குள் (2024b) என்று மட்டும் வந்தால் போதும், மாதம் நாள் அங்கே வேண்டாம்.

இரண்டும் கையில் இருந்தால் எதிலிருந்து எண்ணை எடுப்பது? ஆண்டு எண் என்றால் ஆண்டறிக்கையிலிருந்து எடுங்கள். செய்திக்குறிப்பில் எண் அருகிலுள்ள முழு எண்ணாகச் சுருக்கப்பட்டிருக்கும், எந்த எண்ணை மேலே போடுவது என்பதைக் கம்பெனியே தேர்ந்தெடுத்திருக்கும். தொழிற்சாலைக் கம்பெனிகளின் குறிப்புகளில் எபிட்டா என்ற எண்ணைத்தான் முதலில் பெரிதாகப் போடுவார்கள். வட்டி, வரி, தேய்மானம் எல்லாம் கழிப்பதற்கு முந்தைய லாபம் அது. இந்தியக் கணக்கியல் தரநிலைகள் அதை வரையறுக்கவில்லை. இதர வருமானத்தைச் சேர்த்துக் கணக்கிடும் கம்பெனியும் உண்டு, சேர்க்காத கம்பெனியும் உண்டு. எனவே இரண்டு கம்பெனிகளின் குறிப்புகளிலிருந்து எபிட்டாவை எடுத்து ஒப்பிடும் முன், அது எப்படிக் கணக்கிடப்பட்டது என்று பார்த்தாக வேண்டும்.

செய்திக்குறிப்புக்கே உரிய பயன் வேறு இடத்தில் இருக்கிறது. புது ஆலை தொடங்குகிறோம், ஒரு கம்பெனியை வாங்குகிறோம், தலைமை மாறுகிறது என்ற செய்திகள் முதலில் அதில்தான் வரும். கம்பெனி அந்த நாளில் என்ன சொன்னது என்று எழுத வேண்டுமானால் அதுவே மிகச் சரியான சான்று. அப்போதும் "கம்பெனி அறிவித்தது" என்பதோடு நிறுத்துங்கள். அறிவித்த ஆலை கட்டி முடிந்ததா என்பதற்கு அடுத்த ஆண்டறிக்கையைப் பார்க்க வேண்டும். "துறையில் முன்னணி", "இதுவரை இல்லாத உயர்வு" போன்ற சொற்களை உங்கள் சொந்தச் சொல்லாக எழுதிவிடாதீர்கள். முன்னணி என்பதற்கு அளவுகோல் எது என்று கேட்டால் உங்களிடம் பதில் இருக்காது.

நாளிதழில் படித்ததைச் செய்திக்குறிப்பாகக் காட்டுவதும் கூடாது. நாளிதழில் படித்தால் நாளிதழைச் சான்று காட்டுங்கள். இல்லையென்றால் மூலக் குறிப்பைத் தேடி எடுத்துப் படித்துவிட்டு அதைக் காட்டுங்கள். தேடுவது கடினமில்லை. மும்பைப் பங்குச்சந்தையின் `bseindia.com`, தேசியப் பங்குச்சந்தையின் `nseindia.com` இரண்டிலும் கம்பெனியின் பெயரைப் போட்டால் அதன் அறிவிப்புகள் தேதிவாரியாக வரும். கரூர் வைசியா வங்கிக்குத் தேசியப் பங்குச்சந்தையில் `KARURVYSYA` என்பது குறியீடு. அறிவிப்புகளில் மே மாதத்தைத் தேர்ந்தெடுத்தால் முடிவுகளோடு சேர்த்து அனுப்பியவை எல்லாம் கிடைக்கும். ஆண்டறிக்கைகளுக்கும் தனிப் பகுதி உண்டு.

கம்பெனியின் தளத்தை விடப் பங்குச்சந்தையின் தளத்திலிருந்து எடுப்பதை நான் விரும்புவதற்குக் காரணம் உண்டு. கம்பெனித் தளங்கள் மாறிக்கொண்டே இருக்கும். வங்கிகள் எல்லாம் `.bank.in` என்று முடியும் முகவரிக்கு மாற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2025ல் உத்தரவிட்டது. அக்டோபர் 31 வரை அவகாசம் கொடுத்தது. அதற்கு முன் எழுதிய அசைன்மென்ட்டுகளில் இருக்கும் வங்கி முகவரிகளில் எத்தனை இன்னும் நேராக அந்தக் கோப்பைத் திறக்கும் என்று சொல்ல முடியாது. எங்கிருந்து எடுத்தாலும் அன்றைக்கே கோப்பை இறக்கி, கம்பெனி பெயரும் நிதியாண்டும் கோப்புப் பெயரில் வரும்படி சேமித்து வையுங்கள். வைவாவில் ஆசிரியர் கேட்டால் திறந்து காட்டலாம்.

முகவரி மாறுவது போலக் கம்பெனியின் பெயரும் மாறும். 1962ல் கோவையில் தொடங்கிய லட்சுமி மெஷின் வொர்க்ஸ் 2024ல் எல்.எம்.டபிள்யூ லிமிடெட் என்று பெயரை மாற்றிக்கொண்டது. பத்தாண்டு வளர்ச்சியை எழுதும் மாணவருக்குப் பழைய அறிக்கைகளில் ஒரு பெயரும் புது அறிக்கையில் வேறு பெயரும் கிடைக்கும். ஒவ்வொரு ஆவணத்துக்கும் அதன் அட்டையில் இருக்கும் பெயரையே போடுங்கள். பழையதைப் புதுப் பெயருக்கு மாற்றக் கூடாது. கட்டுரையில் முதன்முதலாகப் பெயர் வரும் இடத்தில் பெயர் மாற்றத்தை ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டால், பட்டியலில் இரண்டு பெயர் இருப்பது யாரையும் குழப்பாது.

இதுவரை சொன்னது எல்லாம் பட்டியலிடப்பட்ட கம்பெனிகளுக்கு. திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றையோ கரூர் வீட்டு ஜவுளி ஏற்றுமதியாளரையோ எடுத்து எழுதுபவர்களுக்கு நிலைமை வேறு. நம் பகுதியில் பெரும்பான்மையானவை பிரைவேட் லிமிடெட், கூட்டு வணிகம், தனியுரிமை என்ற வகையைச் சேர்ந்தவை. அவை பொதுமக்களுக்கு என்று ஆண்டறிக்கை வெளியிட வேண்டியதில்லை. பிரைவேட் லிமிடெட் என்றால் ஒரு வழி இருக்கிறது. நிதி அறிக்கைகளை அது கம்பெனிப் பதிவாளரிடம் தாக்கல் செய்தாக வேண்டும். `mca.gov.in` தளத்தில் ஒரு கம்பெனிக்கு 100 ரூபாய் கட்டணம் செலுத்தி அந்த ஆவணங்களைப் பார்க்கலாம். அதைச் சான்று காட்டும்போது ஆசிரியர் இடத்தில் கம்பெனி பெயர், தலைப்பு இடத்தில் எந்த நிதியாண்டின் நிதி அறிக்கை என்பது, அது எங்கே தாக்கலானது என்பது எல்லாம் வர வேண்டும்.

கூட்டு வணிகத்துக்கும் தனியுரிமைக்கும் அந்த வழியும் கிடையாது. அங்கே நேரில் போய்க் கேட்பதுதான். மேலாளர் வாய்வழியாகச் சொன்ன உற்பத்தி அளவை, ஏ.பி.ஏ முறையில், தனிப்பட்ட தகவல் என்று கட்டுரைக்குள் மட்டும் காட்டுவார்கள். சொன்னவரின் பெயர், நேரடித் தகவல் என்ற குறிப்பு, தேதி மூன்றும் அடைப்புக்குறிக்குள் வரும். வேறு யாரும் போய்த் திறந்து பார்க்க முடியாது என்பதால் பின்னால் உள்ள பட்டியலில் அது இடம்பெறாது. பெயரைப் போடுவதற்கு அவரிடம் முன்பே அனுமதி கேட்டுக்கொள்ளுங்கள். வேண்டாம் என்றால் "ஒரு நடுத்தரப் பின்னலாடை நிறுவனத்தின் மேலாளர்" என்று எழுதிவிட்டு, அப்படி எழுதியிருப்பதை ஆசிரியரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.